பாட்டிமாரின் பிறந்த தேதி எங்கே போயிற்று?

கேள்வி: குடும்ப மரம் எழுதுகிறேன். 1870, 80களில் பிறந்த ஆண்களுக்குப் பிறந்த தேதி எப்படியோ கிடைத்துவிடுகிறது. அதே வீட்டுப் பெண்களுக்கு ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி? வேறு எங்கே தேடலாம்? ஒரு பாட்டிக்கு மட்டும் ஓர் ஓலை நறுக்கு இருக்கிறது, அதில் ஏதோ ‘தாது வருஷம்’ என்று போட்டிருக்கிறது.

பதில்:

அந்த ஓலை நறுக்கைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் கேள்வியில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

அந்தக் காலத்துப் பெண்களின் பிறந்த நாளை யாரும் குறிக்கவில்லை என்று நினைப்பது தவறு. ஜாதகம் எழுதும் வழக்கமுள்ள குடும்பங்களில் பெண் பிறந்தாலும் நாழிகைக் கணக்கோடு குறித்தார்கள். ஆனால் அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கும் இடம் பெண்ணுக்கு வாய்க்கவில்லை. ஆண் பள்ளியில் சேர்ந்தபோது ஒரு முறை, மெட்ரிகுலேஷன் எழுதியபோது ஒரு முறை, உத்தியோகத்தில் ஏறியபோது சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு முறை, பென்ஷன் வாங்கும்போது ஒரு முறை எனத் தேதி ஆங்கிலக் கணக்கில் எழுதப்பட்டுக்கொண்டே வந்தது. பெண்ணின் தேதிக்குத் தேவை இருந்தது ஒரே தடவை, கல்யாணப் பொருத்தம் பார்த்தபோது. அதன்பின் கோயில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் போதும். இறந்தபின் திதி கொடுக்க மாதமும் பட்சமும் திதியும் போதும். அதனால்தான் பல வீடுகளில் பாட்டியின் நட்சத்திரமும் இறந்த திதியும் தெரிகிறது, பிறந்த வருஷம் தெரிவதில்லை.

அரசுப் பதிவைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் 1899-ல்தான் வந்தது. அதற்கு முன்பும் கிராம அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். ஆனால் நோய், பஞ்சம் பற்றிய எண்ணிக்கைக்காக எடுத்த அந்தக் கணக்குகள் மிஞ்சியது அபூர்வம். சட்டம் வந்த பிறகு பிறந்தவர்களைத் தேடும்போதும் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஊர். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கும். ஆகவே உங்கள் பாட்டி பிறந்தது அவருடைய அப்பாவின் ஊரில் இல்லாமல், அம்மாவைப் பெற்றவர்களின் ஊரில் இருக்கலாம். புகுந்த ஊரில் தேடி ஏமாந்து, பிறகு அப்பாவின் ஊரிலும் தேடி ஏமாந்து விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது ஊர் ஒன்று இருப்பது நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவது, பெயர். பிறந்த சில நாட்களுக்குள் பதிவு செய்யும்போது பிள்ளைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். பதிவேட்டில் ‘பெண்’ என்று மட்டும் இருக்கும், பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். எனவே பாட்டியின் பெயரைக் கொடுத்துத் தேடாமல், ஊர், உத்தேச வருஷம், தகப்பனார் பெயர் ஆகிய மூன்றையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். நகராட்சிப் பகுதி என்றால் நகராட்சியில் கேளுங்கள். கிராமம் என்றால் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் கேளுங்கள். ஒன்றில் இல்லை என்றால் மற்றதிலும் இல்லை என்று பொருளாகாது.

உங்கள் ஓலைக்கு வருகிறேன். மற்ற பாட்டிகளுக்கும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம். பெண்ணின் மூல ஜாதகம் பிறந்த வீட்டில் இருக்கும். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு நகல்தான் போகும். கல்யாணத்துக்குப் பிறகு மூலம் அங்கேயே தங்கிவிடும். ஆகவே பாட்டியின் மகன் வழியில் தேடுவதைவிட, பாட்டியின் அண்ணன் தம்பி வழிப் பேரன்களிடம் கேட்பது பலன் தரும். அவர்கள் வீட்டுப் பரணில் ஒரே கயிற்றில் கோத்த கட்டாக அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாருடைய ஜாதகமும் கிடைப்பது உண்டு. இறந்தவரின் ஜாதகத்தை ஆற்றில் விட்டுவிடும் வழக்கமும் பல குடும்பங்களில் இருந்தது. புகுந்த வீட்டில் இருந்தது போயிருக்கும். பிறந்த வீட்டில் இருந்தது பிழைத்திருக்கும்.

ஓலையைப் படிக்கும்போது முதலில் சுழிக்குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று போடுவார்கள். எண்கள் தமிழ் இலக்கத்தில் இருக்கும். ௰ என்றால் பத்து. ௰௭ என்பது 17. இதில் ௰ தேய்ந்துபோனால் 7 என்று படித்துவிடுவீர்கள். ஏழு என்ற ௭ ‘எ’ போலவும், எட்டு என்ற ௮ ‘அ’ போலவும் இருப்பதால், தனியாக நிற்கும் எழுத்து எண்ணா எழுத்தா என்று இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஓலையில் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். வருஷப் பெயரில்தான் பெரிய பிழைகள் நேர்கின்றன. தாது வேறு, தாரண வேறு; நடுவில் எட்டு வருஷம். விரோதிக்கும் விரோதிகிருதுக்கும் நடுவில் 22 வருஷம். பிலவவும் பிலவங்கவும், சுபகிருதுவும் சோபகிருதுவும் இப்படியே குழப்பும்.

வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். பிரபவ 1867, 1927, 1987 ஆகியவற்றின் சித்திரையில் தொடங்கியது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதைக் கூட்டிக்கொள்ளலாம். தாது பத்தாவது பெயர், அதாவது பிரபவவிலிருந்து ஒன்பது வருஷம் தள்ளி. ஆகவே தாது 1816, 1876, 1936. நம் பக்கத்தில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று இன்றும் சொல்லும் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. அது அடுத்த ஈஸ்வர வருஷத்திலும், 1878 வரையிலும் நீடித்தது. அதனால் ‘பஞ்சத்தில் பிறந்தவள்’ என்ற வாய்மொழிச் செய்தியை மட்டும் வைத்து 1876 என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் ஓலையில் மேற்கொண்டு என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் வழக்கமாக இருக்கும் விவரங்களை வைத்து ஒரு மாதிரி எடுத்துச் செய்து காட்டுகிறேன். ஓலை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: தாது௵ தை௴ ௰௭௳, ஆதிவாரம், பூச நட்சத்திரம், உதயாதி நாழிகை 55, தனுர் லக்கினம். ராசிக் கட்டத்தில் குரு தனுசில், சனியும் ராகுவும் கும்பத்தில்.

முதலில் ஆங்கில வருஷம். தாது 1876 சித்திரையில் பிறந்தாலும், அதன் தை மாதம் 1877 ஜனவரியில் வருகிறது. தை, மாசி, பங்குனிக்கு ஒன்று கூட்ட வேண்டும் என்பதை மறப்பதுதான் மிகச் சாதாரணமான தவறு. மார்கழியின் பின்பாதிக்கும் இதே கதி. இன்னொன்று, இன்றைய காலண்டரை வைத்துத் தை 1 என்றால் ஜனவரி 14 அல்லது 15 என்று எண்ணக்கூடாது. நம் சூரிய வருஷம் ஆங்கில வருஷத்தைவிடச் சற்றே நீளம். அதனால் பின்னோக்கிப் போகப் போகத் தமிழ் மாதப் பிறப்பு ஆங்கிலத் தேதியில் முன்னால் வரும். 1877-ல் தை பிறந்தது ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. ஆகவே தை 17 என்பது ஜனவரி 28. அன்று ஞாயிறு. ஓலையின் ஆதிவாரம் பொருந்துகிறது.

மற்ற இரண்டு தாதுக்களையும் பார்த்துத் தள்ள வேண்டும். 1937-ல் தை 17 சனிக்கிழமை வருகிறது. 1817-ல் திங்கள் அல்லது செவ்வாய். ஆனால் கிழமை ஒரு நாள் தப்புவதை மட்டும் வைத்து எதையும் தள்ளிவிடாதீர்கள். சங்கராந்தி சூரிய அஸ்தமனத்தை ஒட்டி வந்தால் மாதப் பிறப்பே பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் மாறும். உறுதியான சாட்சி நட்சத்திரம். தை மாதத்தில் பூசம் பௌர்ணமியை ஒட்டித்தான் வர முடியும். 1877-ல் பௌர்ணமி ஜனவரி 29. 1937-லோ ஜனவரி 26-ஆம் தேதியே பௌர்ணமி கழிந்துவிட்டது. நாலு நாள் கழித்துச் சந்திரன் பூசத்தில் நிற்க வழியில்லை. 1817-ல் பௌர்ணமிக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது. ஆகவே மிஞ்சுவது 1877 ஒன்றுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அனுபவப்பட்ட ஜோசியர்களும் விழுவார்கள். ‘குருவும் சனியும் இருக்கும் ராசியைப் பார்த்தால் எந்த அறுபது என்று சொல்லிவிடலாம்’ என்பார்கள். குரு ஒரு சுற்று வரச் சுமார் 12 வருஷம், சனிக்குச் சுமார் 30 வருஷம். 60 வருஷத்தில் குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று முடித்து ஏறத்தாழப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். அறுபது வருஷச் சக்கரம் அமைந்ததே அப்படித்தான். நம் மாதிரியில் 1877 ஜனவரியில் குரு தனுசு, சனி கும்பம். 1937 ஜனவரியிலும் குரு தனுசு, சனி கும்பம்! இரண்டும் சேர்ந்து பொருந்திவிட்டன என்று மகிழ்ந்தால் 60 வருஷம் தப்பும். பிரித்துக் காட்டுவது ராகுதான். ராகு சுற்ற 18 வருஷம் 7 மாதம் ஆகும். 60 வருஷத்தில் மூன்று சுற்று முடித்து, மேற்கொண்டு கிட்டத்தட்ட மூன்று ராசி பின்னோக்கி நகர்ந்திருக்கும். 1877-ல் கும்பத்தில் இருந்த ராகு 1937-ல் விருச்சிகத்துக்குப் போய்விட்டது. கட்டத்தில் முதலில் ராகுவைத் தேடுங்கள்.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஓலையாக இருந்தால் இந்தச் சிக்கலே இராது. அங்கே வருஷப் பெயரோடு கொல்லம் ஆண்டும் இருக்கும். கொல்லம் 1052 என்றால் 1876 ஆகஸ்டிலிருந்து 1877 ஆகஸ்டு வரை. சிலர் சாலிவாகன சகாப்தம் போட்டிருப்பார்கள். அதோடு 78 கூட்டினால் அந்த வருஷச் சித்திரை வரும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1798 என்றிருந்தால் 1876.

தேதி முடிந்துவிட்டதா என்றால் இல்லை. ‘உதயாதி நாழிகை 55’ என்பதைக் கவனியுங்கள். தமிழ்க் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி மறு உதயத்தில் முடிகிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். 55 நாழிகை என்றால் 22 மணி நேரம். தை மாதத்தில் உதயம் காலை ஆறரை மணியை ஒட்டி வரும். அதோடு 22 மணி கூட்டினால் மறுநாள் விடியற்காலை நாலரை ஆகிறது. தமிழ்க் கணக்கில் அது இன்னும் ஞாயிறு, தை 17. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு தாண்டிவிட்டது: 1877 ஜனவரி 29, திங்கள். நாழிகை 44-க்கு மேல் இருந்தால் ஆங்கிலத் தேதியை ஒன்று கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 43, 44 என்று நின்றால் அந்த ஊர் உதய நேரத்தைக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லக்கினத்தையும் ஒத்துப் பாருங்கள். தையில் சூரியன் மகரத்தில். உதயத்தில் லக்கினமும் மகரம். ஒரு லக்கினம் ஏறத்தாழ ஐந்து நாழிகை. உதயத்துக்கு ஐந்து நாழிகை முன்னால் பிறந்தால் தனுசு. ஓலையும் தனுசு என்கிறது. நாழிகையும் லக்கினமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இவை முரண்பட்டால் ஓலையைப் படித்ததில் பிழை இருக்கலாம், அல்லது எழுதியவரே திருத்தியிருக்கலாம்.

திருத்தம் என்றதும் பெண் ஜாதகத்துக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் இந்த நட்சத்திரப் பெண்களுக்கு வரன் அமைவது கடினமாக இருந்தது. அதனால் நேரத்தைச் சில நாழிகை முன்னே பின்னே தள்ளிப் பக்கத்து நட்சத்திரத்துக்குக் கொண்டுபோய் எழுதிய ஜாதகங்கள் உண்டு. ஆண் ஜாதகத்தில் இதற்குத் தேவை அவ்வளவாக இல்லை. நம் மாதிரியையே பாருங்கள். அந்தத் திங்கட்கிழமை நண்பகலை ஒட்டிப் பூசம் முடிந்து ஆயில்யம் பிறக்கிறது. சாயங்காலம் பிறந்த பெண்ணை விடியற்காலைக்குத் தள்ளினால் பூசமாகிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தை மாற்றினால் லக்கினத்தையும், நட்சத்திர பாதத்தையும், பிறக்கும்போது தசையில் மீதமிருக்கும் வருஷங்களான தசை இருப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். அரைகுறையாகத் திருத்தியவர் ஒன்றை விட்டுவிடுவார். பூசத்தில் பிறந்தால் சனி தசையில் தொடக்கம். மொத்தம் 19 வருஷம். விடியல் நாலரைக்குச் சந்திரன் பூசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கடந்திருக்கிறது. ஆகவே ‘கர்ப்பச் செல் போக சனி தசை இருப்பு’ சுமார் ஏழு வருஷம் என்றிருக்க வேண்டும். அங்கே புதன் தசை என்று எழுதியிருந்தால் உண்மையான நட்சத்திரம் ஆயில்யம். மேலே இருக்கும் பூசம் கல்யாணத்துக்காக எழுதியது. இப்படித் தள்ளியதிலும் பெரும்பாலும் தேதி ஒரு நாளுக்கு மேல் மாறாது என்பது நமக்கு ஆறுதல். வயதைக் குறைக்க வருஷத்தையே மாற்றியிருந்தால் கிரகநிலை முழுவதும் புதிதாக எழுத வேண்டும். அதற்குத் துணிந்தவர்கள் குறைவு.

இந்தக் கணக்கைக் கையால் போட தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்ற உதவும் சுவாமிக்கண்ணு பிள்ளையின் அட்டவணைகள் இருக்கின்றன. இன்று ஜகந்நாத ஹோரா போன்ற இலவச மென்பொருளே போதும். ஆனால் அது இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணித முறையில் கணிக்கும். உங்கள் ஓலை பெரும்பாலும் பழைய வாய்பாடுகளால் கணித்த வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதியது. நட்சத்திர முடிவில் சில நாழிகை வித்தியாசம் வந்தால் பதறாதீர்கள். ராசியே மாறினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஓலை இல்லாத பாட்டிகளுக்கு என்ன செய்வது? தேதி கிடைக்காது, வருஷத்தை நெருக்கலாம். பிறந்த வீட்டுக் கட்டில் ருது ஜாதகம் இருக்கிறதா என்று பாருங்கள். பெண் ருதுவான நாளையும் நாழிகையோடு எழுதுவார்கள். அது பிறப்பு ஜாதகம் இல்லை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் அதையே பிறந்த தேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வருஷத்திலிருந்து பன்னிரண்டு முதல் பதினைந்து வரை கழித்தால் பிறந்த வருஷம் அதற்குள் இருக்கும்.

இதைவிட நல்ல இடம் சார்பதிவாளர் அலுவலகம். 1860களிலிருந்து பத்திரப் பதிவு இருக்கிறது. பெண் எழுதிக்கொடுத்த பத்திரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பெண்ணுக்காக எழுதியது அவ்வளவு குறைவில்லை: சீதனமாக நிலம், செட்டில்மெண்டு, விதவைக்கு ஜீவனாம்சம், பாகப் பிரிவினையில் விடுதலைப் பத்திரம். இவற்றில் மைனர் பெண் வந்தால் வயது எழுதியே ஆக வேண்டும்; ‘மைனருக்குத் தகப்பனாரும் கார்டியனுமான இன்னார்’ என்று வரும். பத்திர அலுவலகத்துப் பெயர் அட்டவணையில் பெண் தன் பெயரில் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். தகப்பனார் பெயரிலும், புருஷன் பெயரிலும், மைனரின் கார்டியன் பெயரிலும் பார்க்க வேண்டும். கணினியில் வில்லங்கம் பார்த்துக் கிடைப்பது பிற்காலத்தது மட்டுமே. பழையதற்கு மனுப் போட்டு, சர்வே எண்ணோ கிராமமோ சொல்லி, கையால் புரட்டித்தான் எடுக்க வேண்டும்.

பத்திரத்தில் வயது கிடைத்ததும் நேராகக் கழித்துவிடாதீர்கள். நம் மாதிரிப் பெண்ணுக்கு 1889 ஆனியில் தகப்பனார் ஒரு நஞ்சையை எழுதிவைக்கிறார், பத்திரத்தில் ‘வயது 13’ என்றிருக்கிறது என்று கொள்ளுங்கள். 89-லிருந்து 13 போனால் 1876. ஓலையோ 1877 என்கிறது. முரண்பாடு இல்லை. 12 முடிந்து 13 நடக்கிறது. நம்மவர்கள் சொல்வது நடப்பு வயது. கழித்து வரும் வருஷத்தையும் அடுத்த வருஷத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இறப்புப் பதிவில் இருக்கும் வயதை இந்த அளவுக்கு நம்ப முடியாது. அதே பெண் 1946-ல் இறந்து, மகன் சொல்லி ‘வயது 75’ என்று பதிவானால் பிறந்தது 1871 என்றாகும். உண்மையில் அவருக்கு அப்போது 69. தெரியாத வயதை 60, 65, 70, 75 என்று முழு எண்ணில் சொல்வது எல்லாரும் செய்வது. முதியவர்களுக்குக் கூட்டிச் சொல்வதும் உண்டு. ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியும் வயதைப் பார்த்தால் இரு பக்கமும் ஆறேழு வருஷம் விட்டுப் படியுங்கள். 67, 73 என்று அப்படி முடியாத எண்ணாக எழுதியிருந்தால் எங்கோ பார்த்துச் சொன்னது என்று கொஞ்சம் கூடுதலாக மதிக்கலாம். இரண்டு ஆவணம் மோதினால், பிறப்புக்கு நெருங்கிய காலத்தில், அந்தப் பிறப்பை நேரில் அறிந்தவர் சொன்னதையே எடுங்கள். இங்கே தகப்பனார் சொன்னது நிற்கும், மகன் சொன்னது தள்ளுபடி.

ஒரு விதிவிலக்கு. 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்த குழந்தை மண தடைச் சட்டம் பெண்ணுக்கு 14 வயதை வரம்பாக வைத்தது. அதற்குப் பிந்திய திருமண ஆவணங்களில் 14, 15 என்று வயது சொன்னால், சொன்னவர் தகப்பனாராக இருந்தாலும் ஐயத்தோடு பாருங்கள். இது உங்கள் பாட்டியின் மகள்கள், பேத்திகள் காலத்துக்கு உதவும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி நாளை வீணாக்க வேண்டாம். 1871 முதல் எடுத்திருந்தாலும், ஆள்வாரிச் சீட்டுகளைத் தொகை எடுத்தபின் வைத்திருக்கவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் பாட்டன் பூட்டனைக் கணக்கெடுப்பில் கண்டுபிடிப்பதைப் படித்துவிட்டு இங்கே தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நிலைமை நேர்மாறு. ஞானஸ்நானப் பதிவேடு ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. கத்தோலிக்கப் பதிவு லத்தீனில் இருக்கும். அதில் ‘நாத்தா’ என்பது பிறந்ததையும், ‘பாப்டிசாத்தா’ என்பது ஞானஸ்நானம் பெற்றதையும் குறிக்கும். இரண்டு தேதியும் இருந்தால் முதலாவதை எடுங்கள். வளர்ந்தபின் மதம் மாறியவருக்கு உத்தேச வயதுதான் இருக்கும். இங்கும் தலைப்பிரசவ விதி பொருந்தும். தாய்வீட்டுப் பங்கில் தேடுங்கள்.

கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய பெண்களுக்கும் எழுத்து இருக்கிறது. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி, கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் இருக்கின்றன. மொரீஷியஸ் பதிவுகள் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் உள்ளன. சொந்த ஊரில் பெயரில்லாமல் ‘இன்னார் பெண்சாதி’யாக இருந்திருக்கக்கூடியவர் அங்கே தன் பெயரோடு இருக்கிறார். வயதை மட்டும் குமாஸ்தா ஆளைப் பார்த்து 20, 25 என்று எழுதியிருப்பார். பெயரும் ஆங்கிலக் காதில் விழுந்தபடி இருக்கும். ஊரையும் தகப்பன் பெயரையும் வைத்தே ஆளை உறுதி செய்ய வேண்டும்.

குடும்ப மரத்தில் எழுதும்போது ஓலையில் இருப்பதை அப்படியே முதல் வரியில் எழுதுங்கள்: தாது, தை 17, ஞாயிறு, பூசம், உதயாதி 55. மாற்றிய தேதியை அடுத்த வரியில்: 29-1-1877, திங்கள், விடியலுக்கு முன். நாளை யாராவது உங்கள் கணக்கில் பிழை கண்டால் மூலத்திலிருந்து மறுபடி போட முடியும். வயதிலிருந்து வந்த வருஷமானால் ‘1876–77, 1889 பத்திரத்தின்படி’ என்று எழுதுங்கள். மென்பொருள் தேதியைக் கேட்டு அடம்பிடிக்கிறதே என்று ஜனவரி 1 என்று போட்டுவிட்டால், பத்து வருஷம் கழித்து உங்கள் பேத்தி அதை உண்மையான பிறந்தநாள் என்று எடுத்துக்கொள்வாள்.